ஒரே ஆல்கைன், இரண்டு ஆல்கீன்கள்

ஆல்கைன்கள் எனப்படும் சேர்மங்களில் இரண்டு கார்பன் அணுக்களை ஒரு முப்பிணைப்பு இணைக்கிறது. அந்த முப்பிணைப்போடு இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தால் அது இரட்டைப் பிணைப்பாகி, ஆல்கைன் ஆல்கீனாக மாறுகிறது. வேதியியலில் இது ஒடுக்கம் எனப்படும். தாளில் ஒரே வரியில் எழுதி முடித்துவிடக்கூடிய வினைதான். ஆனால் கிடைக்கும் ஆல்கீனுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் உள்ள கார்பன் சங்கிலிகள் ஒரே பக்கமாக இருந்தால் அது சிஸ். எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் டிரான்ஸ். அணுக்களின் எண்ணிக்கையிலோ, எந்த அணு எதனோடு இணைந்திருக்கிறது என்பதிலோ இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஹைட்ரஜன் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே வடிவம் அமைகிறது. அந்த வழியைத் தேர்ந்தெடுப்பது வினைப்பொருளைத் தேர்ந்தெடுப்பவரின் கையில் இருக்கிறது.

முப்பிணைப்பில் உள்ள இரண்டு கார்பன்களும், அவற்றை ஒட்டி இருபுறமும் உள்ள அணுக்களும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. பிணைப்புக் கோணம் 180 பாகை. நேர்கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எதுவும் கிடையாது. ஆகையால் ஆல்கைனில் சிஸ், டிரான்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. முப்பிணைப்பின் நடுவே ஒரு சிக்மா பிணைப்பும், அதைச் சூழ்ந்து ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு பை பிணைப்புகளும் இருக்கின்றன. இரண்டு ஹைட்ரஜன்கள் சேரும்போது ஒரு பை பிணைப்பு மறைகிறது. கோணம் ஏறக்குறைய 120 பாகையாகக் குறைகிறது. சங்கிலிகள் மடங்கிப் பக்கம் சாய்கின்றன. எஞ்சிய பை பிணைப்பு இரண்டு கார்பன்களையும் ஒன்றையொன்று சுற்றித் திரும்ப விடாது. வலிந்து திருப்ப வேண்டுமானால் மோலுக்கு 60 கிலோகலோரிக்கும் மேல் ஆற்றல் தேவை. அறை வெப்பநிலையில் அந்த அளவு ஆற்றல் மூலக்கூறுகளுக்குக் கிடைப்பதில்லை. எனவே வினை நடக்கும்போது எந்த வடிவம் அமைந்ததோ, அதுவே நிலைத்துவிடுகிறது.

இந்த வேறுபாடு உயிர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிறிய அந்துப்பூச்சி காட்டுகிறது. ஆஸ்ட்ரினியா நுபிலாலிஸ் என்பது ஐரோப்பாவின் மக்காச்சோளத் துளைப்பான். அது அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றது. 1917-இல் பாஸ்டன் நகருக்கு அருகே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இதன் பெண் பூச்சி இரவில் ஆண்களை அழைக்க வெளியிடும் பொருள் 11-டெட்ராடெசினைல் அசிட்டேட். அதாவது பதினான்கு கார்பன் நீளமுள்ள சங்கிலி. அதன் ஒரு முனையில் அசிட்டேட் தொகுதி, மறுமுனைக்கு அருகே 11, 12 ஆம் கார்பன்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு. அயோவா மாநிலத்துப் பூச்சிகள் வெளியிடும் கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கு சிஸ், 3 பங்கு டிரான்ஸ். நியூயார்க் மாநிலத்திலும் இத்தாலியிலும் காணப்படும் இன்னொரு பிரிவிலோ விகிதம் தலைகீழ்: நூற்றுக்கு 99 பங்கு டிரான்ஸ், 1 பங்கு சிஸ். கண்ணால் பார்த்தால் இரு பிரிவுகளையும் பிரித்தறிய முடியாது. ஆனால் ஒரு பிரிவின் ஆண் பூச்சி மறு பிரிவின் மணத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

க்ளூனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டியது. மிகத் தூய சிஸ் வடிவத்தைப் பொறியில் வைத்தால் சிஸ் பிரிவின் ஆண்களே அவ்வளவாக வருவதில்லை; எதிர் வடிவம் சிறிதளவு கலந்திருந்தால்தான் வருகின்றன. ஆகவே வயலில் இனக்கவர்ச்சிப் பொறி வைக்க விரும்புவோருக்கு இரண்டு வடிவங்களும் தனித்தனியே, தூய்மை அறிந்து, கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு நெல் வயல்களைத் தாக்கும் மஞ்சள் தண்டுத் துளைப்பானின் இனக்கவர்ச்சிப் பொருளும் இதே வகையைச் சேர்ந்தது: பதினாறு கார்பன் சங்கிலியில் சிஸ் இரட்டைப் பிணைப்புள்ள ஆல்டிஹைடுகள்.

மக்காச்சோளத் துளைப்பானின் இரண்டு வடிவங்களையும் ஒரே ஆல்கைனிலிருந்து தயாரிக்கலாம். அதன் பெயர் 11-டெட்ராடெசைன்-1-ஆல். இதைக் கட்டும் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பத்துக் கார்பன் நீளமுள்ள, ஒரு முனையில் புரோமினும் மறுமுனையில் ஆல்கஹாலும் கொண்ட ஒரு துண்டு எடுக்கப்படுகிறது. அதன் ஆல்கஹால் தொகுதி முதலில் வேறொரு தொகுதியால் மூடிக் காக்கப்படுகிறது. நான்கு கார்பன் கொண்ட 1-பியூட்டைனிலிருந்து வலிமையான காரத்தால் ஒரு புரோட்டானை நீக்கினால் கிடைக்கும் எதிரயனி, புரோமினை வெளியேற்றிவிட்டு அந்தத் துண்டோடு இணைகிறது. பிறகு மூடிய தொகுதியை நீக்கினால் பதினான்கு கார்பன் ஆல்கைன் ஆயத்தம். முப்பிணைப்பு எந்த இடத்தில் உள்ளதோ, அதே இடத்தில்தான் பின்னர் இரட்டைப் பிணைப்பு அமையும். நீண்ட சங்கிலியில் இரட்டைப் பிணைப்பின் இடத்தைக் குழப்பமின்றி நிலைநிறுத்த இதைவிட நம்பகமான வழிகள் அதிகம் இல்லை. இனக்கவர்ச்சிப் பொருள்களைத் தயாரிப்போர் ஆல்கைனைத் தேடிச் செல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிஸ் வடிவத்துக்கு உரிய வினைப்பொருள் ஹைட்ரஜன் வாயு. அதற்குத் துணை ஓர் உலோக வினையூக்கி. பலேடியம், பிளாட்டினம், நிக்கல் ஆகிய உலோகங்களின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து தனித்தனி அணுக்களாக ஒட்டிக்கொள்கிறது. ஆல்கைனும் தன் பை எலக்ட்ரான்களால் அதே பரப்பில் வந்து படிகிறது. தோசைக்கல்லில் ஊற்றிய தோசையைப் போல, அதன் ஒரு முகம் மட்டுமே உலோகத்தைத் தொடுகிறது. ஹைட்ரஜன்கள் இருப்பதும் அந்த முகத்தின் அடியில்தான். முதலில் ஓர் ஹைட்ரஜன் ஒரு கார்பனோடு சேர்கிறது. அடுத்து இன்னொன்று மற்றக் கார்பனோடு சேர்கிறது. இரண்டும் ஒரே முகத்திலிருந்து வருவதால் ஒரே பக்கத்தில் அமைகின்றன. கார்பன் சங்கிலிகள் இரண்டும் மறுபக்கமாக, ஒன்றாகச் சாய்கின்றன. இவ்வாறு ஒரே முகத்தில் நடக்கும் சேர்க்கையின் பலன் சிஸ் ஆல்கீன். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான உறவான டியூட்டீரியத்தைக் கொடுத்தால், இரண்டு டியூட்டீரியங்களும் ஒரே பக்கத்தில் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டில் உறுதி குறைந்த வடிவம் சிஸ். சங்கிலிகள் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. மிகச் சிறிய எடுத்துக்காட்டான 2-பியூட்டீனில் டிரான்ஸ் வடிவம் சிஸ்ஸைவிட மோலுக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி அளவுக்கு உறுதியானது. அப்படியிருந்தும் பலேடியத்தின் மேல் பிறப்பது சிஸ்தான். எது உறுதியானது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை; ஹைட்ரஜன் எந்தப் பக்கத்திலிருந்து வர முடியும் என்பது மட்டுமே முடிவைத் தருகிறது.

ஆனால் சாதாரணப் பலேடியத்தை நம்பி இதைச் செய்ய முடியாது. அது ஆல்கைனை ஆல்கீனாக்கியதோடு நிற்பதில்லை. ஆல்கீனையும் விடாமல் ஒடுக்கி, எந்த இரட்டைப் பிணைப்பும் இல்லாத ஆல்கேனாக்கிவிடும். பாசல் நகரில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் லிண்ட்லார் 1952-இல் இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டார். அந்நிறுவனம் அப்போது வைட்டமின் ஏ-யைத் தொழிற்சாலையில் தயாரித்து வந்தது. அந்தத் தயாரிப்பின் இடையில் ஒரு முப்பிணைப்பை இரட்டைப் பிணைப்பாக மட்டும் இறக்க வேண்டியிருந்தது. லிண்ட்லார் பலேடியத்தைக் கால்சியம் கார்பனேட் தூளின் மேல் படிய வைத்து, அதன் மீது காரீய அசிட்டேட்டைச் செலுத்தினார். வினையின்போது சிறிதளவு குயினோலினும் சேர்க்கப்படுகிறது. காரீயம், குயினோலின் இரண்டும் பலேடியத்துக்கு நஞ்சு: அவை அதன் வேகத்தை வேண்டுமென்றே குறைக்கின்றன.

நஞ்சூட்டுவதால் ஆல்கீன் தப்புவது எப்படி? ஆல்கைன் பலேடியத்தோடு ஆல்கீனைவிட வலுவாகப் பிணைகிறது. ஆல்கைன் மிச்சம் இருக்கும்வரை அதுவே பரப்பின் இடங்களைப் பிடித்துக்கொண்டு, உருவாகும் ஆல்கீனை வெளியே தள்ளுகிறது. காரீயமும் குயினோலினும் பரப்பின் மிகச் சுறுசுறுப்பான இடங்களை மூடி, ஆல்கீனின் பிடிப்பை இன்னும் தளர்த்துகின்றன. வலுவாகப் பிணையும் ஆல்கைனுக்கு எஞ்சிய இடங்களே போதும், ஆல்கீனுக்குப் போதாது. ஆக, லிண்ட்லார் வினையூக்கி ஆல்கைனையும் ஆல்கீனையும் வேறுபடுத்துவது முழுத் தடையால் அல்ல, வேக வேறுபாட்டால். இதை மறந்தவர்களுக்குத்தான் இந்த வினை கெட்டுப்போகிறது.

10 மில்லிமோல் அளவில் ஒரு தயாரிப்பைப் பார்க்கலாம். அந்த அளவுக்கு 11-டெட்ராடெசைன்-1-ஆல் 2.1 கிராம் வேண்டும். அது ஹெக்ஸேன் அல்லது மெத்தனாலில் கரைக்கப்படுகிறது. 5 விழுக்காடு பலேடியம் கொண்ட லிண்ட்லார் வினையூக்கி சுமார் 0.1 முதல் 0.2 கிராமும், சில துளி குயினோலினும் சேர்க்கப்படுகின்றன. குடுவையிலிருந்து காற்று நைட்ரஜனால் வெளியேற்றப்பட்டு, பிறகு வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜன் நிரப்பப்பட்டு, கலவை வேகமாகக் கலக்கப்படுகிறது. ஒரு மோல் ஆல்கைனுக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் தேவை. 10 மில்லிமோலுக்கு 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 245 மில்லி லிட்டர். அளவுகள் குறித்த குழாயில் வாயு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல வேளைகளில் 245-ஐ நெருங்கும்போது உறிஞ்சும் வேகம் தெளிவாகக் குறைகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. இரவு முழுவதும் விட்டுவிட்டால் வாயு மேலும் இறங்கும். காலையில் கையில் இருப்பதில் ஆல்கேன் கணிசமாகக் கலந்திருக்கும். அதனால் கணக்கிட்ட அளவு நெருங்கியதுமே மாதிரி எடுத்து வாயு நிறப்பகுப்பியலில் பார்ப்பது வழக்கம். முடிந்ததும் வினையூக்கி வடிகட்டப்படுகிறது. வடிதாளில் இருக்கும் பலேடியத்தை உலரவிடக் கூடாது. கரைப்பான் ஆவியும் காற்றும் சேர்ந்தால் அது தானே தீப்பற்றக்கூடும்.

நேரத்தைக் கடத்துவதால் ஆல்கேன் மட்டுமல்ல, இன்னொரு கேடும் வருகிறது. ஆல்கைன் தீர்ந்துபோன பின் சிஸ் ஆல்கீன் மீண்டும் பரப்பில் வந்து படிகிறது. அதன் ஒரு கார்பனில் ஹைட்ரஜன் சேர்ந்தால் அங்கே இருப்பது ஒற்றைப் பிணைப்பு. ஒற்றைப் பிணைப்பு தாராளமாகத் திரும்பும். திரும்பிய நிலையில் ஒரு ஹைட்ரஜன் மீண்டும் பரப்புக்குப் போய்விட்டால், மிஞ்சுவது டிரான்ஸ் ஆல்கீன். ஹொரியுட்டியும் போலன்யியும் 1934-இல் முன்வைத்த இந்தப் பாதி ஒடுங்கிய நிலை, சிஸ் தயாரிப்பில் ஒன்றிரண்டு விழுக்காடு டிரான்ஸ் எங்கிருந்து வந்தது என்பதை விளக்குகிறது. இரட்டைப் பிணைப்பு சங்கிலியில் ஓர் இடம் நகர்ந்துவிடுவதும் இதே வழியில்தான்.

டிரான்ஸ் வடிவத்துக்கு முற்றிலும் வேறான வழி தேவை. அங்கே உலோகப் பரப்பும் இல்லை, ஹைட்ரஜன் வாயுவும் இல்லை. சோடியம் உலோகத்தைத் திரவ அம்மோனியாவில் கரைத்தால் ஆழ்ந்த நீல நிறக் கரைசல் கிடைக்கிறது. அந்த நீலம் சோடியத்தை விட்டு வெளியே வந்து, அம்மோனியா மூலக்கூறுகள் சூழ நிற்கும் எலக்ட்ரான்களின் நிறம். ஹைட்ரஜனை எலக்ட்ரானாகவும் புரோட்டானாகவும் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பதே இந்த முறை. எலக்ட்ரானைத் தருவது சோடியம்; புரோட்டானைத் தருவது அம்மோனியா. கேம்ப்பெல், ஈபி இருவரும் 1941-இல் வெளியிட்ட ஆய்வு, இரு புறமும் கார்பன் சங்கிலி உள்ள ஆல்கைன்களிலிருந்து இந்த வழியில் டிரான்ஸ் ஆல்கீன்கள் கிடைப்பதைக் காட்டியது.

நான்கு படிகளில் வினை நடக்கிறது. முதல் எலக்ட்ரான் முப்பிணைப்பில் நுழைந்ததும் ஆல்கைன், எதிர் மின்சுமையும் இணையில்லா எலக்ட்ரானும் ஒருங்கே கொண்ட ஒரு துகளாகிறது. அது உடனே அம்மோனியாவிடமிருந்து ஒரு புரோட்டானைப் பறிக்கிறது. இப்போது ஒரு கார்பனில் ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டது. மற்றக் கார்பனில் இணையில்லா எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. இதற்கு வினைல் தனி உறுப்பு என்று பெயர். இந்தத் தனி உறுப்பு வளைந்த வடிவம் கொண்டது. அந்த வளைவு மிக எளிதாகப் புரண்டு மறுபக்கமாக மாறும். சங்கிலிகள் ஒரே பக்கத்தில் உள்ள வடிவமும், எதிர்ப்பக்கங்களில் உள்ள வடிவமும் விரைந்து ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. இடநெருக்கடி இல்லாத காரணத்தால் எதிர்ப்பக்க வடிவமே மிகுதியாக இருக்கிறது. மூன்றாம் படியில் இரண்டாவது எலக்ட்ரான் வந்து சேர்ந்ததும் அது வினைல் எதிரயனி ஆகிறது. எதிரயனி தனி உறுப்பைப் போல எளிதில் புரள்வதில்லை. இருந்த வடிவத்திலேயே நிற்கிறது. மிக வலிமையான காரமான அது, அம்மோனியாவிலிருந்தே இன்னொரு புரோட்டானைப் பிடுங்கி ஆல்கீனாகிறது. இரண்டு ஹைட்ரஜன்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்துவிடுகின்றன.

டிரான்ஸ் ஆல்கீன் உறுதியானது, அதனால்தான் அது கிடைக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. 2-பியூட்டீனின் இரு வடிவங்களும் தங்களுக்குள் சமநிலைக்கு வந்தால் அறை வெப்பநிலையில் டிரான்ஸுக்கும் சிஸ்ஸுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றுதான். சோடியம் முறையிலோ பொதுவாக 95 விழுக்காட்டுக்கு மேல் டிரான்ஸ் கிடைக்கிறது. விளைபொருளின் உறுதி மட்டுமே காரணமாக இருந்தால் இவ்வளவு தூய்மை வந்திருக்காது. வடிவத்தைத் தீர்மானிப்பவை வழியில் தோன்றி மறையும் தனி உறுப்பும் எதிரயனியும். அவற்றில் டிரான்ஸ் அமைப்புக்குள்ள சாய்வு, முடிவான ஆல்கீனில் இருப்பதைவிட வலுவானது. அந்தச் சாய்வில் எந்தப் படிக்கு எவ்வளவு பங்கு என்பது வேதியியலார் தொடர்ந்து விவாதித்து வந்த கேள்வி. சிஸ் ஆனாலும் டிரான்ஸ் ஆனாலும், ஆல்கீனின் வடிவத்தை அது பிறந்த வழியே தீர்மானிக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அதே 10 மில்லிமோல் ஆல்கைனைச் சோடியத்தால் ஒடுக்குவதானால் கணக்குப்படி 20 மில்லிமோல் சோடியம், அதாவது 0.46 கிராம் போதும். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே எடுக்கப்படுகிறது. அம்மோனியா மைனஸ் 33 பாகையில் கொதிப்பது. எனவே உலர் பனிக்கட்டியால் குளிர்விக்கப்பட்ட குளிர்விப்பானின் கீழ், நன்றாகக் காற்றோட்டம் உள்ள புகைக்கூண்டில் குடுவைக்குள் அது திரவமாகச் சேர்க்கப்படுகிறது. சோடியத்தைச் சிறு துண்டுகளாக இட்டதும் நீலம் பரவுகிறது. நீண்ட சங்கிலி ஆல்கைன்கள் திரவ அம்மோனியாவில் சரியாகக் கரைவதில்லை. கரையாமல் மிதந்தால் வினை நடக்காது. பதினான்கு கார்பன் சங்கிலியில் பலரும் சறுக்கும் இடம் இது. ஆகவே ஆல்கைனை டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். நீல நிறம் மங்கினால் எலக்ட்ரான்கள் தீர்ந்துவிட்டன என்று பொருள். இன்னும் சோடியம் வேண்டும். நீலம் நீடித்து நின்றும் மாதிரியில் ஆல்கைன் தெரிந்தால் கரைதிறனில்தான் கோளாறு. வினை முடிந்தபின் அம்மோனியம் குளோரைடு சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டு, மிஞ்சிய சோடியமும் உருவான சோடமைடும் அடக்கப்படுகின்றன. அம்மோனியாவை ஆவியாக விட்டு, எச்சத்தில் நீர் சேர்த்து, கரைப்பானால் ஆல்கீன் பிரித்தெடுக்கப்படுகிறது.

குடுவையில் துருவோ இரும்பு உப்போ இருக்கக் கூடாது. இரும்பு இருந்தால் சோடியம் அம்மோனியாவோடு வினைபுரிந்து சோடமைடாக மாறிவிடும். நீலம் மறைந்து சாம்பல் நிறக் கலங்கல் மிஞ்சும். சோடமைடு வலிமையான காரம், ஒடுக்கும் பொருள் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வது மாணவர்களிடையே சாதாரணம்: சோடியமும் அம்மோனியாவும் சேர்ந்த கரைசல் ஆல்கைனை ஒடுக்கும், சோடமைடு ஆல்கைனின் முனையில் உள்ள புரோட்டானை நீக்க மட்டும் செய்யும். முனையில் முப்பிணைப்புள்ள ஆல்கைன்கள் இந்த முறையில் தயங்குவதும் அதனால்தான். வினையில் பிறக்கும் சோடமைடு அவற்றை எதிர் மின்சுமையுள்ள அயனியாக்கிவிடுகிறது. ஏற்கெனவே எதிர் மின்சுமை உள்ள ஒன்று மேலும் எலக்ட்ரானை ஏற்க மறுக்கிறது.

சோடியம் தனித்து நிற்கும் ஆல்கீனைத் தொடுவதில்லை; அந்த வகையில் லிண்ட்லார் முறையில் உள்ள கவலை இங்கே இல்லை. ஆனால் மூலக்கூறின் மற்றப் பகுதிகளுக்கு இது முரட்டு வினைப்பொருள். எஸ்டர், கீட்டோன், கார்பனோடு சேர்ந்த புரோமின் ஆகியவை இதில் தப்புவதில்லை. எனவே அசிட்டேட் தொகுதி கடைசியில்தான் சேர்க்கப்பட வேண்டும்: முதலில் ஆல்கஹாலாகவே ஒடுக்கி, பின்பு அசிட்டிக் அன்ஹைட்ரைடால் அசிட்டேட்டாக மாற்றுவது. லிண்ட்லார் முறைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எஸ்டரை அது ஒன்றும் செய்யாது.

வேறு வினைப்பொருள்களும் உண்டு. நிக்கல் அசிட்டேட்டைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கிக் கிடைக்கும் கருநிற நிக்கல், எத்திலீன்டைஅமீனோடு சேர்ந்து, லிண்ட்லார் வினையூக்கியைப் போலவே சிஸ் ஆல்கீனைத் தருகிறது. பருமனான போரேன் ஒன்றைச் சேர்த்துப் பிறகு அசிட்டிக் அமிலம் விடுவது இன்னொரு வழி. போரானும் ஹைட்ரஜனும் ஒரே முகத்தில் சேர்கின்றன, அமிலம் போரானை அகற்றி அதே இடத்தில் ஹைட்ரஜனை வைக்கிறது, விளைவு சிஸ். முப்பிணைப்பை அடுத்த கார்பனிலேயே ஆல்கஹால் தொகுதி இருந்தால், டிரான்ஸுக்கு லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு எளிது. அலுமினியம் முதலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரைடு முப்பிணைப்பின் ஒரு கார்பனுக்குப் போக, எதிர்ப்பக்கமாக மற்றக் கார்பனை அலுமினியம் பற்றி வளையமாகிறது. நீர் சேர்த்ததும் அலுமினியத்தின் இடத்தில் ஹைட்ரஜன் வருகிறது. மக்காச்சோளத் துளைப்பானின் ஆல்கைனில் இது உதவாது. அதன் ஆல்கஹால் தொகுதி முப்பிணைப்புக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

கிடைத்தது சிஸ்ஸா டிரான்ஸா என்று எப்படி அறிவது? அகச்சிவப்பு நிறமாலையில் டிரான்ஸ் இரட்டைப் பிணைப்பு 965-970 செ.மீ.⁻¹ அருகே கூர்மையான, வலுவான பட்டையைக் காட்டும். சிஸ்ஸுக்கு அது இல்லை, 700-க்கு அருகே அகன்ற பட்டை இருக்கும். அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் இரட்டைப் பிணைப்பின் இரண்டு ஹைட்ரஜன்களும் ஒன்றையொன்று பிளக்கும் அளவு சிஸ்ஸில் சுமார் 10 ஹெர்ட்ஸ், டிரான்ஸில் சுமார் 15 ஹெர்ட்ஸ் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது உண்மைதான். ஆனால் இந்தச் சேர்மத்தில் இரண்டு ஹைட்ரஜன்களும் ஏறத்தாழ ஒரே சூழலில் உள்ளதால் அவற்றின் குறிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, பிளவை அளக்க முடியாமல் போகிறது. கார்பன் நிறமாலை கைகொடுக்கிறது: இரட்டைப் பிணைப்பை அடுத்து நீண்ட சங்கிலியில் உள்ள கார்பன் சிஸ்ஸில் சுமார் 27, டிரான்ஸில் சுமார் 32 என்ற அளவில் தோன்றும். ஒன்றிரண்டு விழுக்காட்டை எண்ணிச் சொல்ல, முனைவுத் தன்மையுள்ள குழாய் பொருத்திய வாயு நிறப்பகுப்பியலே ஏற்றது. பிரித்தெடுக்க வெள்ளி நைட்ரேட் ஏற்றிய சிலிக்கா பயன்படுகிறது. வெள்ளி அயனி சிஸ் இரட்டைப் பிணைப்பை இறுகப் பிடித்துக்கொள்வதால் டிரான்ஸ் முதலில் வெளியேறிவிடும்.

இனிக் கலவை. அயோவா பிரிவுக்கு 100 மில்லிகிராம் வேண்டும் என்று கொள்ளலாம். அதில் 97 சிஸ், 3 டிரான்ஸ். லிண்ட்லார் முறையில் வந்த சிஸ்ஸில் ஏற்கெனவே 1 விழுக்காடு டிரான்ஸ் இருப்பதாக நிறப்பகுப்பியல் காட்டினால், 97-க்கு 3 என்று நேராக எடை போடுவது தவறு. அந்தச் சிஸ்ஸிலிருந்து ஏறத்தாழ 98 மில்லிகிராமும், தூய டிரான்ஸிலிருந்து 2 மில்லிகிராமும் எடுத்தால்தான் கணக்கு சரியாகும். நியூயார்க் பிரிவின் பொறிக்கு வேண்டியது 99 விழுக்காடு டிரான்ஸ். சோடியம் முறையில் வந்ததில் சிஸ் 1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், அதை முதலில் வெள்ளி நைட்ரேட் சிலிக்காவில் செலுத்தித் தூய்மையாக்கிவிட்டு, தேவையான சிஸ்ஸைப் பிறகு அளந்து சேர்க்க வேண்டும்.